தாய்ப்பாலில் எது சேர்கிறது, எது சேர்வதில்லை: டி3 துளிகள், தாயின் மாத்திரைகள், பால் பெருக்கும் மூலிகைகள்

கேள்வி: எனக்கு முதல் பிரசவம். குழந்தைக்கு ஐந்து வாரம் ஆகிறது, தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பிறந்தபோது 2.9 கிலோ, ஐந்தாம் நாள் 2.7, பதினான்காம் நாள் 2.95, இப்போது 3.6 கிலோ. தினமும் 400 ஐ.யூ. வைட்டமின் டி3 துளி கொடுக்கச் சொன்னார்கள். காலை வெயிலில் காட்டினாலே போதும் என்கிறார் என் மாமியார். நான் இரும்பு, கால்சியம் மாத்திரைகள் சாப்பிடுகிறேன். அவை பால் வழியாகக் குழந்தைக்குப் போகாதா? ஒரு வாரமாக மார்பு கனமாகவே இல்லை, மாலையில் குழந்தை விடாமல் பால் கேட்கிறது, பம்ப் வைத்து எடுத்தால் 30 மில்லிதான் வருகிறது. வெந்தயக் காப்சூலும் சதாவரித் தூளும் வாங்கலாமா?

பதில்:

டி3 துளியைத் தொடர்ந்து கொடுங்கள். காலை வெயில் அதற்கு ஈடாகாது. இரும்பு, கால்சியம் மாத்திரைகள் உங்கள் உடலுக்காகத் தரப்பட்டவை, குழந்தைக்காக அல்ல. நீங்கள் எழுதியிருக்கும் எடைகளைப் பார்த்தால் பால் குறையவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆகவே காப்சூலுக்கோ தூளுக்கோ இப்போது அவசியம் இல்லை. இனி ஒவ்வொன்றுக்கும் காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும்போது நீங்கள் தடுமாறாமல் இருக்க முடியும்.

தாய் உண்பதெல்லாம் பாலில் இறங்கும் என்ற நம்பிக்கை பாதி உண்மை. தாய்ப்பாலில் உள்ள கால்சியம், இரும்பு, துத்தநாகம், ஃபோலேட் ஆகியவற்றின் அளவு, தாய் நன்றாகச் சாப்பிட்டாலும் குறைவாகச் சாப்பிட்டாலும் பெரிதாக மாறுவதில்லை; உடல் தன் இருப்பிலிருந்து எடுத்தாவது பாலுக்குக் கொடுத்துவிடும். வைட்டமின் டி, பி12, பி1, ஏ, அயோடின் போன்றவை அப்படியல்ல. தாயிடம் அவை குறைந்தால் பாலிலும் குறையும். இந்த இரண்டாவது வகையிலும் வைட்டமின் டி தனியாக நிற்கிறது, ஏனெனில் நல்ல உடல்நிலையில் உள்ள தாயின் பாலில்கூட அது குழந்தைக்குப் போதுமான அளவு இருப்பதில்லை. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அது பெரும்பாலும் 80 ஐ.யூ.-க்கும் குறைவாகவே இருக்கும். உங்கள் குழந்தை நாள் முழுவதும் குடிக்கும் பால் முக்கால் லிட்டர் அளவுதான் என்பதால், மிக நல்ல நிலையிலும் 60 ஐ.யூ. கிடைத்தால் அதிகம். தேவையோ 400 ஐ.யூ., அதாவது 10 மைக்ரோகிராம். இந்திய குழந்தை மருத்துவக் கழகமும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் முதல் ஆண்டு முழுவதற்கும் இதே அளவைத்தான் பரிந்துரைக்கின்றன.

பிறக்கும்போது குழந்தையிடம் கொஞ்சம் இருப்பு இருக்கும். அது தாயின் இரத்தத்தில் எவ்வளவு இருந்ததோ அதைப் பொறுத்தது. அந்த இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். நம் ஊர்களில் கர்ப்பிணிகள் பலருக்கே வைட்டமின் டி குறைவாக இருப்பதால், குழந்தை சிறு முதலோடுதான் வருகிறது. இரண்டு மாதத்திற்குள் அது ஏறத்தாழத் தீர்ந்துபோகும். குறைபாடு முற்றினால் முதலில் கண்ணில் படுவது வளைந்த கால் அல்ல. சில மாதக் குழந்தைக்கு, காய்ச்சல் எதுவும் இல்லாமல், இரத்தத்தில் கால்சியம் சரிந்து வலிப்பு வரலாம். மணிக்கட்டு தடித்துப்போவது, விலா எலும்பின் முனைகள் மணிமாலைபோல் புடைத்துத் தெரிவது, உச்சிக்குழி மூடத் தாமதமாவது ஆகியவை அதற்குப் பிறகு தெரியவரும். ரிக்கெட்ஸ் என்று சொல்லப்படும் இந்த எலும்பு நோய் ஒரு புட்டி துளிமருந்தால் தடுக்கக்கூடியது என்பதால்தான் மருத்துவர்கள் இதில் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் அடிப்படை தவறில்லை. வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உருவாகும் என்பது உண்மை. ஆனால் அதை உருவாக்குவது சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர் மட்டுமே. காலை ஏழு மணிச் சாய்வான வெயிலில் அந்தக் கதிர் மிகச் சொற்பம். நின்று பார்த்தால் நம் நிழல் நம் உயரத்தைவிட நீளமாக விழும் நேரமெல்லாம் அது போதாத நேரம்தான். நிழல் குட்டையாக விழும் உச்சி நேரத்தில் கதிர் இருக்கும், ஆனால் அந்த வெயிலில் ஐந்து வாரக் குழந்தையின் தோலைக் காட்டக்கூடாது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளை நேரடி வெயிலில் வைக்க வேண்டாம் என்பதே அறிவுரை. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டுவதால் பயனில்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கருத்த தோலில் வைட்டமின் டி உருவாக இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். எண்ணெய் தேய்த்து இளவெயிலில் சற்று நேரம் வைத்திருப்பது குழந்தைக்கு இதமாக இருந்தால் செய்யட்டும். அதை மருந்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

"துளியைக் குழந்தைக்குக் கொடுப்பதற்குப் பதில் நானே டி3 அதிகமாகச் சாப்பிட்டால் என்ன?" என்று பல தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், இதற்கு ஆராய்ச்சி விடையும் இருக்கிறது. 2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தாய் தினமும் 6,400 ஐ.யூ. எடுத்துக்கொண்டபோது, அவர் பாலை மட்டும் குடித்த குழந்தையின் இரத்த அளவு, நேரடியாக 400 ஐ.யூ. துளி பெற்ற குழந்தையின் அளவுக்குச் சமமாக இருந்தது. அதே ஆய்வில் தாய்க்கு 2,400 ஐ.யூ. கொடுத்த பிரிவில் குழந்தைகளுக்கு அது போதவில்லை என்று தெரிந்து, அந்தப் பிரிவை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். நீங்கள் சாப்பிடும் கால்சியம் மாத்திரையில் இருக்கும் டி3 பொதுவாக 250 ஐ.யூ.; இரண்டு மாத்திரை என்றால் 500. இந்த அளவால் பாலில் என்ன மாறும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இங்கே அதிகம் பேசப்படாத நுட்பம் ஒன்று உண்டு. பாலுக்குள் எளிதாகப் போவது நாம் விழுங்கிய அதே வடிவத்தில் உள்ள வைட்டமின் டி. அது இரத்தத்தில் ஒரு நாள் அளவே தங்கும். கல்லீரல் அதை மாற்றிச் சேமிக்கும் மற்றொரு வடிவம் வாரக்கணக்கில் தங்கும், ஆனால் அது பாலுக்குள் அதிகம் போவதில்லை. இரத்தப் பரிசோதனையில் நாம் அளப்பது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான். எனவே உங்கள் பரிசோதனை முடிவு நன்றாக இருந்தாலும் பாலில் வைட்டமின் டி குறைவாக இருக்கலாம். வாரம் ஒருமுறை 60,000 ஐ.யூ. பொடியைப் பாலில் கலந்து குடிக்கும் தாய்மார்கள், "என் டி3 பாலில் போய்க்கொண்டுதானே இருக்கிறது" என்று குழந்தையின் துளியை நிறுத்திவிடுவது இதனால்தான் சரியல்ல; குடித்த ஓரிரு நாள் பாலில் கூடும், பிறகு வாரம் முடியும்வரை இறங்கிவிடும். அந்தப் பொடி உங்கள் குறைபாட்டைச் சரிசெய்யச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரப்படுவது. தினசரி 6,400 ஐ.யூ. என்ற வழியை விரும்பினால், உங்கள் கால்சியம் அளவையும் சிறுநீரகக் கல் இருந்ததா என்பதையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் குழந்தையின் வாயில் நேராகத் துளியை விடுவதே எளிது. போனது எவ்வளவு என்று ஐயமில்லாமல் தெரியும்.

அந்த அளவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. எல்லாப் புட்டியிலும் மருந்தின் செறிவு ஒன்றல்ல. ஒரு மில்லியில் 400 ஐ.யூ. உள்ள புட்டியும், ஒரு மில்லியில் 800 ஐ.யூ. உள்ள புட்டியும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டின் பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே தோற்றம். முதலாவதில் கொடுக்க வேண்டியது 1 மில்லி, இரண்டாவதில் அரை மில்லி. கேட்ட மருந்து இல்லையென்று கடைக்காரர் மாற்றுக் கம்பெனி மருந்தைத் தரும்போது இந்த வேறுபாடு கவனிக்கப்படாமல் போகும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சில புட்டிகளில் ஒரே ஒரு துளியிலேயே 400 ஐ.யூ. இருக்கும். அதைப் பழைய பழக்கத்தில் 1 மில்லி கொடுத்தால் ஒரே வேளையில் பத்தாயிரம் ஐ.யூ.-க்கு மேல் போய்விடும். 2010-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: குழந்தைக்கான துளிக்குழாயில் 400 ஐ.யூ.-க்கு மேல் பிடிக்காதபடி செய்யுங்கள் என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டது.

ஆகவே புட்டியை வாங்கியவுடன் "ஒரு மில்லியில் எத்தனை ஐ.யூ." என்ற வரியைத் தேடிப் படியுங்கள். நானூறை அந்த எண்ணால் வகுத்தால் கொடுக்க வேண்டிய மில்லி வரும். அதை ஒரு தாளில் எழுதிப் புட்டியிலேயே ஒட்டிவிட்டால், நீங்கள் தூங்கும்போது உங்கள் அம்மாவோ மாமியாரோ கொடுத்தாலும் அளவு மாறாது. அந்தப் புட்டியோடு வந்த துளிக்குழாயை மட்டும் பயன்படுத்துங்கள், பழைய இருமல் மருந்தின் குழாயை எடுக்காதீர்கள். குழந்தையின் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்; அல்லது பாலாடையில் சிறிது பிழிந்த பாலோடு கலந்து கொடுக்கலாம். முழுப் புட்டிப் பாலில் கலந்தால் மீதம் வைத்த பாலோடு மருந்தும் போய்விடும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். ஒரு நாள் விடுபட்டதால் எதுவும் கெடாது. பின்னாளில் யாராவது மல்டிவைட்டமின் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தால் அதிலும் டி3 இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

முதல் ஆறு மாதத்தில் நாளொன்றுக்கு 1,000 ஐ.யூ., அடுத்த ஆறு மாதத்தில் 1,500 ஐ.யூ. வரை பாதுகாப்பான மேல்வரம்பு என்று கொள்ளப்படுகிறது. எனவே ஒருநாள் தவறி இரண்டு முறை கொடுத்துவிட்டால் பதற வேண்டியதில்லை. பல வாரங்கள் தொடர்ந்து பலமடங்கு கொடுத்தால்தான் இரத்தத்தில் கால்சியம் ஏறும்: குழந்தை பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், மலச்சிக்கல் வரும், அடிக்கடி சிறுநீர் கழித்து உடல் வறண்டு சோர்ந்துபோகும். அப்படித் தோன்றினால் புட்டியையும் குழாயையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். பெரியவர்களுக்கான 60,000 ஐ.யூ. பொடியோ சிறு புட்டியோ தவறிக் குழந்தைக்குப் போய்விட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். அவற்றைக் குழந்தையின் மருந்து இருக்கும் அலமாரியில் வைக்கவே வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அளவு வேறு, அதைப் பிறந்த மருத்துவமனையில்தான் கேட்க வேண்டும். டப்பாப் பால் குடிக்கும் குழந்தையானால், அதில் டி சேர்க்கப்பட்டிருப்பதால், நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவு குடிக்கும்வரை மட்டும் துளி தேவைப்படும்.

இனி உங்கள் மாத்திரைகள். அரசுத் திட்டத்தில் பிரசவத்திற்குப் பின் 180 நாட்களுக்குத் தரப்படும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும், தினம் ஒன்று. கால்சியம் 500 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை, அதுவும் ஆறு மாதத்திற்கு. இவற்றை நீங்கள் சாப்பிடாவிட்டாலும் பாலின் கால்சியம் குறையாது, அது உங்கள் எலும்பிலிருந்து எடுக்கப்படும். பால் மறக்கடித்த பிறகு எலும்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்றாலும், குறைவாக உண்ணும் ஒருவர் அந்தச் சுமையை ஏன் வெறுங்கையோடு தாங்க வேண்டும்? இரும்பு, பிரசவத்தில் இழந்த இரத்தத்திற்காக. இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காலை, இரவு உணவோடு கால்சியம், மதிய உணவுக்குச் சற்று முன்போ பின்போ இரும்பு என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். இரும்பு சாப்பிடும் வேளைக்கு டீயும் காபியும் பக்கத்தில் வர வேண்டாம். உங்கள் மலம் கறுப்பது இயல்பு. குழந்தையின் மலம் கறுத்தால் அது உங்கள் மாத்திரையால் அல்ல. முதல் சில நாட்களின் கரிய மலம் போன பிறகு மீண்டும் கறுத்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. பால், தயிர்கூடக் குறைவாகச் சாப்பிடும் சைவத் தாய்மாரைப் பற்றி நான் கவலைப்படுவது இரும்பைவிட பி12-க்காகத்தான். தாயிடம் அது இல்லையென்றால் பாலிலும் இருக்காது, தாய்க்கோ வெளியே பெரிதாக எதுவும் தெரியாமல் இருக்கலாம். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளரும் குழந்தை, முதல் சில மாதங்கள் நன்றாக இருந்து, ஆறு மாதத்திற்குப் பிறகு வெளுத்து, சிரிப்பு குறைந்து, நின்ற தலை மீண்டும் தொய்ந்து, விரல் மூட்டுகள் கறுத்து, பிறகு கைகால் நடுக்கத்தோடு வருவதை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பல்லாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். ஒரு இரத்தப் பரிசோதனையும் சில மாதம் பி12 மாத்திரையும் இதைத் தடுத்துவிடும். அயோடினுக்கு, சமையலில் அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தினாலே பெரும்பாலும் போதும். பாறை உப்புக்கும் இந்துப்புக்கும் முழுவதுமாக மாறிய வீடுகளில் மட்டும் கவனிக்க வேண்டும்.

கடைசியாகப் பால் பெருக்கும் மூலிகைகள். இதற்கு முன் உங்கள் குழந்தையின் எடையைப் பார்ப்போம். பிறந்த 2.9 கிலோவிலிருந்து ஐந்தாம் நாள் 200 கிராம் இறங்கியது ஏழு சதவீதம். இது இயல்பான அளவுக்குள். பதினான்காம் நாளுக்குள் பிறந்த எடையைத் தாண்டிவிட்டது. அதற்குப் பின் 21 நாளில் 650 கிராம் ஏறியிருக்கிறது, அதாவது நாளொன்றுக்கு 31 கிராம். முதல் மூன்று மாதத்தில் 20 முதல் 30 கிராம் ஏறினாலே நிறைவு. அதோடு தினமும் ஆறு முறைக்குக் குறையாமல் வெளிர் நிறச் சிறுநீர் போகிறதென்றால், பால் போதுமா என்ற கேள்விக்கு வேறு சான்று தேவையில்லை.

பிறகு ஏன் மார்பு கனக்கவில்லை? முதல் வாரங்களில் ஹார்மோன்களின் வேகத்தில் தேவைக்கு மேல் சுரந்தது. நாலு முதல் ஆறு வாரத்திற்குள் உடல், குழந்தை குடிக்கும் அளவை அறிந்து அந்த அளவுக்குச் சுரக்கப் பழகுகிறது. பால் குறைந்ததால் அல்ல, தேங்காததால்தான் மார்பு மென்மையாகிறது. மாலையில் விடாமல் கேட்பது இந்த வயதுக் குழந்தைகளின் வழக்கம். பம்பில் வரும் அளவோ பம்பின் திறமையையும் உங்கள் மனநிலையையும்தான் காட்டும், அதிலும் குழந்தை குடித்து முடித்த பிறகு எடுத்தால் 30 மில்லி குறைவே அல்ல. இந்த மூன்றையும் பார்த்துப் பயந்து ஒரு வேளை டப்பாப் பால் கொடுக்க, அந்த வேளை மார்பு காலியாகாமல் போக, அடுத்த நாள் உண்மையாகவே சுரப்பு குறைய, இப்படித்தான் இல்லாத குறை உருவாக்கப்படுகிறது. மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பைக் குறைக்கும் சமிக்ஞை அங்கேயே உண்டாகிறது. காலியாக்கினால் அந்தத் தடை நீங்குகிறது. எந்த மூலிகையும் இந்த விதியைத் தாண்டி வேலை செய்வதில்லை.

வெந்தயத்தைப் பற்றி ஆய்வுகள் இல்லாமல் இல்லை. தாய்ப்பால் பெருக்கும் மருந்துகளையும் மூலிகைகளையும் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, சில ஆய்வுகளில் பால் கூடியதாகத் தெரிந்தாலும் அவற்றின் தரம் மிகத் தாழ்ந்தது, எவ்வளவு கூடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்ற முடிவுக்கே வந்தது. சதாவரி, அதாவது நம் தண்ணீர்விட்டான் கிழங்கு, 1996-இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த சமவாய்ப்பு ஆய்வில் போலி மருந்தைவிட எந்தப் பலனும் தரவில்லை. பின்னர் 2011-இல் வந்த மற்றொரு ஆய்வில், பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் கூடியதாகச் சொல்லப்பட்டது. ஆனால் சுரப்பு நிலைபெற்ற பிறகு புரோலாக்டின் அளவும் பாலின் அளவும் ஒன்றுக்கொன்று ஏறி இறங்குவதில்லை என்பதால் அந்தக் கண்டுபிடிப்பை மட்டும் வைத்துப் பால் கூடும் என்று முடிவு கட்ட முடியாது.

இதனால் வெந்தயக் கஞ்சியும் பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை உணவு, பிள்ளை பெற்றவருக்கு யாரோ அக்கறையோடு சமைத்துத் தருவதே ஒரு மருந்துதான். காப்சூல்தான் வேறு விஷயம், ஏனென்றால் நாளொன்றுக்குப் பல கிராம் வெந்தயத்தை மாதக்கணக்கில் விழுங்கும் வழி அது. வெந்தயம் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குத் தலைசுற்றல் வரும் அளவுக்கு இறங்கலாம். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர் அதைத் தொடவே கூடாது. வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவருக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். தாய்க்கும் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு, வாயு வரலாம். வியர்வையிலும் சிறுநீரிலும், சில வேளை குழந்தையின் சிறுநீரிலும், வெல்லப்பாகு வாசனை வீசும். மேப்பிள் சிரப் நோய் என்ற அரிய பிறவி நோயிலும் இதே வாசனை வருவதால், மருத்துவர் கேட்கும்போது வெந்தயம் சாப்பிடுவதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சதாவரியைப் பெரும்பாலும் சர்க்கரை கலந்த குருணையாக விற்கிறார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் தினம் இரண்டு வேளை பாலில் கலக்குவது அதிகமும் அந்தச் சர்க்கரையைத்தான். இன்னும் பெரிய கவலை, பெயரும் உரிம எண்ணும் இல்லாத தூள்களும் லேகியங்களும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், 14 மருந்துகளில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் தாய்ப்பாலில் இறங்கும், வளரும் மூளைக்கு அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வீட்டில் சுக்கு, மிளகு, ஓமம், கருப்பட்டி போட்டுக் கிண்டிய லேகியம் நெல்லிக்காயளவு சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. யாரோ கொடுத்தனுப்பிய சிவப்புப் பொடிக்குத்தான் ஆட்சேபம்.

பத்தியத்தில் இன்னும் இரண்டு விஷயம். சுறாப்புட்டு பால் பெருக்கும் என்று கடற்கரை ஊர்களில் வாரந்தோறும் செய்வார்கள். சுறா இனம் மற்ற மீன்களை உண்டு வளர்வதால் அதன் சதையில் பாதரசம் சேரும், பாலூட்டும் பெண்கள் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் மீன் பற்றிய அறிவுரை. நெத்திலியும் மத்தியும் அந்த இடத்தில் தாராளமாக வரலாம். அதே புட்டைச் சிறு மீனில் செய்தால் ருசி போய்விடும் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீரைக் குறைத்தால் வயிறு வற்றும் என்று சொல்லித் தாகத்தோடு உட்கார வைப்பதும் கூடாது. தாகத்திற்குக் குடித்தால் போதும். அதற்குமேல் குடம் குடமாகக் குடித்தாலும் பால் கூடாது.

ஒருவேளை அந்த 21 நாளில் உங்கள் குழந்தை 650 கிராமுக்குப் பதில் 250 கிராம் மட்டுமே ஏறியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். நாளொன்றுக்கு 12 கிராம் என்பது உண்மையான குறை. அப்போதும் முதல் வேலை மூலிகை அல்ல. பாலூட்டல் ஆலோசகர் ஒருவர் அருகிலிருந்து குழந்தை வாய் வைக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்: மார்புக் காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் பெரும்பகுதி வாய்க்குள் இருக்கிறதா, விழுங்கும் ஓசை கேட்கிறதா, நாக்கின் அடிச்சவ்வு இழுத்துப் பிடிக்கிறதா என்று. இரவு உட்பட 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை ஊட்டுவது, ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் கொடுப்பது, குழந்தை விட்ட பிறகு பத்து நிமிடம் கையாலோ பம்பாலோ எடுத்து அந்தப் பாலையும் பாலாடையில் கொடுப்பது ஆகியவற்றைச் செய்துகொண்டே, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஒரே தராசில் எடை பார்க்க வேண்டும். இரத்தப்போக்கு நீடித்தால் நஞ்சுக்கொடியின் துண்டு கருப்பையில் தங்கியிருக்கலாம். தைராய்டு குறைவு, பிரசவத்தில் கடும் இரத்த இழப்பு, மார்பில் பழைய அறுவை சிகிச்சை, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ஆகிய ஒவ்வொன்றையும் கேட்டு விலக்க வேண்டும். வெந்தயக் காப்சூலை விழுங்கிக்கொண்டு இரண்டு வாரம் காத்திருக்கும் தாயிடம் இவற்றில் ஒன்று இருந்தால், அந்த இரண்டு வாரமும் குழந்தையின் பசியில்தான் கழியும்.

இவ்வளவும் செய்த பின்னும் போதவில்லை என்றால் டோம்பெரிடோன் என்ற மாத்திரையைச் சிலர் எழுதித் தருவார்கள். வாந்திக்கான மருந்து அது. புரோலாக்டினைக் கூட்டும் என்பதால் இதற்கும் பயன்படுகிறது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது என்பதால் 2004-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தாய்ப்பாலுக்காக இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. உங்களுக்கோ குடும்பத்திலோ இதயத் துடிப்புக் கோளாறு இருந்தாலும், பூஞ்சை மருந்தோ எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கோ எடுத்துக்கொண்டிருந்தாலும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடையில் கேட்டால் சீட்டில்லாமலே கொடுத்துவிடுவார்கள். அப்படி வாங்கிச் சாப்பிட வேண்டாம்.